செலவுப் பட்டியலை ரூபாய்க்கு மாற்றும் ஷீட்: தினசரி ரேட் அட்டவணை எப்படி வேலை செய்கிறது?

வெளிநாட்டுப் பயணம் முடிந்து வந்தவர் கையில் பல நாணயங்களில் செலவு ரசீதுகள் இருக்கும். எல்லாவற்றையும் ரூபாயில் காட்டு என்று அலுவலகம் கேட்கும். இதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் யோசனை இதுதான்: "கூகுள் ஷீட்ஸில் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அதைப் போட்டால் ரேட் தானாகவே வந்துவிடும்." C2-ல் சிங்கப்பூர் டாலர் தொகை இருந்தால் இப்படி:

```
=C2*GOOGLEFINANCE("CURRENCY:SGDINR")
```

ஃபார்முலா வேலை செய்யும், எண்ணும் வரும். ஆனால் அடுத்த நாள் ஷீட்டைத் திறந்தால் மொத்தத் தொகை மாறியிருக்கும். போன மாதம் சாப்பிட்ட சாப்பாட்டின் விலை இன்று காலையில் மாறுவதற்கு நியாயமே இல்லை. அந்த ஃபார்முலா ஒவ்வொரு செலவையும் "இன்றைய" ரேட்டில் மாற்றுகிறது, செலவு நடந்த நாளின் ரேட்டில் அல்ல. சிக்கல் அவ்வளவுதான். தினமும் புதுப்பிக்கப்படும் ரேட் என்பதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடமும் இதுதான்.

## பலகையும் பில்லும்

நகைக்கடையில் இரண்டு இடங்களில் தங்கத்தின் விலை இருக்கும். ஒன்று, வாசலில் இருக்கும் பலகை. தினமும் பழைய விலையை எடுத்துவிட்டு அன்றைய விலையைப் போடுவார்கள். இன்னொன்று, வாடிக்கையாளர் கையில் இருக்கும் பில். வாங்கிய நாளின் கிராம் விலை அதில் அச்சாகியிருக்கும், எத்தனை வருடம் ஆனாலும் மாறாது.

மேலே உள்ள ஃபார்முலா பலகையைப் பார்க்கிறது. செலவுக் கணக்குக்கு வேண்டியதோ பில்லில் இருக்கும் விலை. ஆகவே நம் ஷீட்டில் தேவைப்படுவது, பலகையில் ஒவ்வொரு நாளும் போட்ட விலையைத் தேதியோடு எழுதிவைத்த ஒரு நோட்டு. தினசரி புதுப்பித்தல் என்றால் அந்த நோட்டின் அடியில் புதிதாக ஒரு வரி சேர்ப்பது. மேலே இருக்கும் வரிகளை யாரும் தொடக்கூடாது.

## ரேட் அட்டவணை

அந்த நோட்டைத்தான் ரேட் அட்டவணை என்கிறேன். ஒரு வரிக்கு ஒரு தேதி, ஒரு நெடுவரிசைக்கு ஒரு நாணயம்.

ரேட்டை எங்கிருந்து எடுப்பது? இந்தக் கட்டுரைக்கு ஐரோப்பிய மத்திய வங்கி வெளியிடும் குறிப்பு விகிதங்களை எடுத்துக்கொள்கிறேன். குறிப்பு விகிதம் என்பது கணக்குக்கும் ஒப்பீட்டுக்கும் பயன்பட ஒரு நாளைக்கு ஒருமுறை அறிவிக்கப்படும் விகிதம். அந்த விலையில் யாரும் நமக்கு நாணயம் விற்பார்கள் என்று அதற்குப் பொருள் அல்ல. ஐரோப்பிய மத்திய வங்கி இதை வேலைநாட்களில் அங்கத்திய நேரம் மாலை நான்கு மணியளவில் வெளியிடுகிறது. நம்மூரில் அப்போது குளிர்காலம் என்றால் இரவு எட்டரை, கோடை என்றால் ஏழரை. 1999 முதலான எல்லா நாட்களும் `eurofxref-hist.csv` என்ற ஒரே கோப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்திய ரூபாய், சிங்கப்பூர் டாலர், ஜப்பானிய யென் மூன்றும் அதில் உண்டு.

ஷீட்டில் `Rates` என்று ஒரு தாள் திறந்து, நமக்கு வேண்டிய நெடுவரிசைகளையும், பயணத்துக்குச் சில நாள் முந்தைய தேதியிலிருந்து தொடங்கும் வரிகளையும் மட்டும் அந்தக் கோப்பிலிருந்து கொண்டுவர வேண்டும். 2024-ன் கடைசி நாளுக்கான வரி இப்படி இருக்கும்:

```
Date        EUR  INR      JPY     SGD
2024-12-31  1    88.9335  163.06  1.4164
```

EUR நெடுவரிசை அந்தக் கோப்பில் இருக்காது, நாமே சேர்க்க வேண்டும். எல்லா வரியிலும் 1 என்றே இருக்கும். தேவையில்லாததுபோல் தெரியும், ஆனால் யூரோவில் செய்த செலவு வந்தால் தனியாக ஒரு விதிவிலக்கு எழுதாமல் அதே ஃபார்முலா ஓடுவதற்கு அது வேண்டும்.

கோப்பில் புதிய தேதி மேலேயும் பழைய தேதி கீழேயும் இருக்கும். நமக்கு அதற்கு நேரெதிர் வேண்டும். தேதி நெடுவரிசையை வைத்து பழையது முதல் புதியது வரை ஏறுவரிசையில் அடுக்கிவிடுங்கள். இதைத் தவறவிட்டால் பின்னால் வரும் தேடல் தவறான வரியைக் காட்டலாம், அல்லது `#N/A` என்று நிற்கலாம். முதலாவதுதான் ஆபத்து, ஏனென்றால் அதில் பிழைச்செய்தி எதுவும் வராது.

## 88.9335 என்றால் என்ன? எதை எதால் வகுப்பது?

எல்லோரும் வேகமாகத் தாண்டிப்போகும் இடம் இது. இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

இந்த அட்டவணையில் ஒவ்வொரு எண்ணும் ஒரு யூரோவுக்கு எத்தனை என்று சொல்கிறது. 31 டிசம்பர் 2024 அன்று ஒரு யூரோ 88.9335 ரூபாய். அதே ஒரு யூரோ 1.4164 சிங்கப்பூர் டாலர், 163.06 யென். எல்லா விலையும் எந்த நாணயத்தின் ஓர் அலகுக்குச் சொல்லப்படுகிறதோ அது அடிப்படை நாணயம். இங்கே அது யூரோ.

சிங்கப்பூர் டாலரிலிருந்து ரூபாய்க்கு நேரடி ரேட் அட்டவணையில் இல்லை. ஆனால் 1.4164 சிங்கப்பூர் டாலரும் 88.9335 ரூபாயும் ஒரே யூரோவுக்குச் சமம் என்று தெரியும். அப்படியானால் ஒரு சிங்கப்பூர் டாலர் = 88.9335 ÷ 1.4164, அதாவது சுமார் 62.79 ரூபாய். இப்படி மூன்றாவது நாணயம் ஒன்றின் வழியாகக் கண்டுபிடிக்கும் விகிதம் குறுக்கு விகிதம். செலவுத் தொகையை முதலில் அந்த நாணயத்தின் எண்ணால் வகுத்தால் யூரோ வருகிறது. பிறகு ரூபாயின் எண்ணால் பெருக்கினால் ரூபாய் வருகிறது.

வகுத்தலும் பெருக்கலும் இடம் மாறினால் என்ன ஆகும்? 64.20 சிங்கப்பூர் டாலர் சாப்பாட்டு பில் ஒரு ரூபாய்ச் சொச்சமாக வந்து நிற்கும். பார்த்த உடனே தவறு என்று யாருக்கும் தெரியும். யென்னில் அப்படித் தெரியாது. 12,400 யென் விடுதிக் கட்டணம் சரியாக மாற்றினால் 6,763 ரூபாய், தலைகீழாக மாற்றினால் 22,735 ரூபாய். டோக்கியோவில் ஓர் இரவுக்கு இருபத்திரண்டாயிரம் என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள், தவறு அப்படியே கணக்கில் ஏறிவிடும். ஆகவே ஃபார்முலாவை எழுதியதும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நாணயத்தில் 1 என்று போட்டுப் பாருங்கள். ஒரு சிங்கப்பூர் டாலருக்கு அறுபது ரூபாய்ப் பக்கம் வந்தால் திசை சரி.

யென்னுக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. இந்தியாவில் எஃப்.பி.ஐ.எல். அமைப்பு வெளியிடும் குறிப்பு விகிதத்தில் யென்னை நூறு யென்னுக்கு இத்தனை ரூபாய் என்று குறிப்பிடுவார்கள். அந்த எண்ணை ஒரு யென்னின் விலை என்று எடுத்துப் பெருக்கினால் செலவு நூறு மடங்காகிவிடும். ஒரே அட்டவணையில் இரண்டு மூலங்களைக் கலக்காதீர்கள்.

இதுவரை பார்த்தது: ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி, பழைய வரிகளில் கைவைப்பதில்லை, எல்லா எண்ணும் ஒரு யூரோவுக்கானது, செலவை அதன் நாணயத்தால் வகுத்து ரூபாயால் பெருக்குகிறோம்.

## செலவுத் தாள்

அடுத்து `Expenses` என்று இன்னொரு தாள். புத்தாண்டை ஒட்டிச் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கும், அங்கிருந்து டோக்கியோவுக்கும் போன ஒருவரின் பட்டியல் என்று வைத்துக்கொள்வோம். முதல் நான்கு நெடுவரிசைகளைக் கையால் நிரப்ப வேண்டும்:

```
A           B                C      D
2024-12-31  விமான நிலைய காபி  350    INR
2024-12-31  இரவுச் சாப்பாடு    64.20  SGD
2025-01-01  டாக்சி            18     SGD
2025-01-01  விடுதி            12400  JPY
```

மீதியை ஃபார்முலா பார்த்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே நீளமான ஃபார்முலாவில் அடைக்க முடியும், ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கணக்கு சந்தேகமாக இருக்கும்போது எந்தத் தேதியின் ரேட், என்ன ரேட் என்று கண்ணால் பார்க்க முடிய வேண்டும். ஆகவே நான்கு நெடுவரிசைகளாகப் பிரிக்கலாம். இரண்டாம் வரியில் எழுதி, கீழே இழுத்துவிட்டால் போதும்.

E நெடுவரிசையில், எந்தத் தேதியின் ரேட்டைப் பயன்படுத்துகிறோம் என்பது:

```
=INDEX(Rates!$A$2:$A$1000, MATCH(A2, Rates!$A$2:$A$1000, 1))
```

F நெடுவரிசையில், செலவு செய்த நாணயத்தின் ரேட்:

```
=INDEX(Rates!$B$2:$E$1000, MATCH(E2, Rates!$A$2:$A$1000, 0), MATCH(D2, Rates!$B$1:$E$1, 0))
```

G நெடுவரிசையில், ரூபாயின் ரேட்:

```
=INDEX(Rates!$B$2:$E$1000, MATCH(E2, Rates!$A$2:$A$1000, 0), MATCH("INR", Rates!$B$1:$E$1, 0))
```

H நெடுவரிசையில், விடை:

```
=ROUND(C2/F2*G2, 2)
```

பார்க்கப் பயமாக இருந்தாலும் உள்ளே இருப்பவை இரண்டே வேலைகள். `MATCH` ஒரு பட்டியலில் நாம் தேடுவது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று சொல்கிறது. `INDEX` அந்த இடத்தில் இருப்பதை எடுத்துத் தருகிறது. F-ல் இரண்டு `MATCH` இருப்பதற்குக் காரணம், ஒன்று தேதியின் வரியையும் இன்னொன்று நாணயத்தின் நெடுவரிசையையும் கண்டுபிடிக்கிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் செல்லில் நமக்கு வேண்டிய ரேட் இருக்கிறது. எக்செலிலும் கூகுள் ஷீட்ஸிலும் இவை இதே போலவே ஓடும்.

நான்கு செலவுகளுக்கும் விடை: காபி 350.00, சாப்பாடு 4,031.02, டாக்சி 1,130.19, விடுதி 6,763.00. மொத்தம் 12,274.21 ரூபாய். காபிக்கு F-ம் G-யும் ஒரே எண் என்பதால் 350 மாறாமல் 350-ஆகவே வருகிறது. ரூபாய்ச் செலவுக்கென்று தனி விதி எழுத வேண்டியதில்லை. `ROUND` போட்டது, வரிகளைக் கையால் கூட்டிப் பார்ப்பவருக்கும் அதே மொத்தம் வர வேண்டும் என்பதற்காக. அது இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத பைசாக்கள் ஒளிந்திருந்து மொத்தம் ஓரிரு பைசா தள்ளும்.

## ரேட் இல்லாத நாட்கள்

டாக்சியும் விடுதியும் ஜனவரி 1 அன்று நடந்த செலவுகள். அன்று ஐரோப்பிய மத்திய வங்கி ரேட் வெளியிடுவதில்லை. அட்டவணையில் டிசம்பர் 31-க்கு அடுத்த வரி ஜனவரி 2. ஆனாலும் விடை வந்தது. எப்படி?

E-யில் உள்ள `MATCH`-ன் கடைசியில் இருக்கும் 1-தான் காரணம். 0 என்று போட்டால் அதே தேதி அப்படியே இருந்தால்தான் ஏற்கும், இல்லையென்றால் `#N/A`. 1 என்று போட்டால் அந்தத் தேதியோ, அது இல்லாவிட்டால் அதற்கு முந்தைய கடைசித் தேதியோ எடுத்துக்கொள்ளும். இதற்குப் பெயர் தோராயப் பொருத்தம். தோராயம் என்றதும் சராசரி எடுக்கிறது, பக்கத்தில் உள்ளதை எடுக்கிறது என்றெல்லாம் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எப்போதும் பின்னோக்கித்தான் போகும். ஜனவரி 1-க்கு டிசம்பர் 31-ன் ரேட், ஞாயிற்றுக்கிழமைக்கு வெள்ளிக்கிழமையின் ரேட். செலவு நடந்த நேரத்தில் உலகத்துக்குத் தெரிந்திருந்த கடைசி ரேட் என்பதால் இதுவே நியாயமான வழக்கமும்கூட. இந்தத் தேடலுக்காகத்தான் தேதிகளை ஏறுவரிசையில் அடுக்கச் சொன்னேன்.

விடுமுறை நாட்களுக்கும் வரி உண்டாக்கி வெள்ளிக்கிழமை ரேட்டைக் கையால் நகல் எடுத்துப் போடுபவர்கள் உண்டு. வேண்டாம். எது வெளியிடப்பட்ட ரேட், எது நாமாக இட்டு நிரப்பியது என்று பிறகு தெரியாமல் போய்விடும்.

## அட்டவணை பின்தங்கினால்

தோராயப் பொருத்தத்தின் வசதியே அதன் குறையும். இரண்டு வாரம் யாரும் அட்டவணையைப் புதுப்பிக்கவில்லை என்றால், அந்த இரண்டு வாரச் செலவு எல்லாமே கடைசி வரியின் ரேட்டில் மாறும். பிழைச்செய்தி எதுவும் வராது, எண்கள் நம்பும்படியாகவே இருக்கும். E நெடுவரிசையைத் தனியாக வைத்ததன் பலன் இங்கே கிடைக்கிறது. I நெடுவரிசையில் இதைப் போடுங்கள்:

```
=IF(A2-E2>4, "பழைய ரேட்", "")
```

நான்கு என்பதைச் சும்மா போடவில்லை. ஐரோப்பிய மத்திய வங்கியின் நாட்காட்டியில் தொடர்ந்து ரேட் வராத நாட்கள் அதிகபட்சம் நான்குதான்: புனித வெள்ளி, சனி, ஈஸ்டர் ஞாயிறு, திங்கள். டிசம்பர் 25, 26 வார இறுதியோடு சேரும்போதும் நான்கைத் தாண்டாது. ஆகவே இடைவெளி நான்குக்கு மேல் போனால் விடுமுறை காரணமல்ல, யாரோ புதுப்பிக்க மறந்துவிட்டார்கள். வேறு மூலத்திலிருந்து ரேட் எடுத்தால் அதன் விடுமுறைப் பட்டியலைப் பார்த்து இந்த எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள்.

## தேதிபோல் தெரியும் எழுத்து

ஷீட்டின் கண்ணுக்குத் தேதி என்பது ஓர் எண். 1 ஜனவரி 2025 என்பது அதற்கு 45658. தேடலும் A2-E2 என்ற கழித்தலும் இதனால்தான் சாத்தியமாகின்றன.

நம் பழக்கத்தில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதுகிறோம். ஷீட்டின் வட்டார அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால் அது மாதத்தை முதலில் எதிர்பார்க்கும். 31/12/2024 என்று தட்டினால், 31-ஆவது மாதம் கிடையாது என்பதால் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். பிப்ரவரி ஒன்றை நினைத்து 01/02/2025 என்று தட்டினால் நிலைமை இன்னும் மோசம்: ஜனவரி 2 என்று எடுத்துக்கொண்டு ஒரு மாதம் பழைய ரேட்டை அமைதியாகக் கொடுத்துவிடும்.

எழுத்தாக நின்றுவிட்ட தேதியைக் கண்டுபிடிப்பது எளிது. அது செல்லின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும், உண்மையான தேதி வலப்பக்கம் நிற்கும். நாளும் மாதமும் இடம் மாறியதைக் கண்ணால் பிடிக்க முடியாது. அதனால் எப்போதும் 2025-02-01 என்று ஆண்டை முதலில் வைத்தே தட்டுங்கள். அதை எந்த வட்டார அமைப்பும் குழப்பிக்கொள்ளாது.

## தானாகவே வந்து சேர வேண்டுமா?

கூகுள் ஷீட்ஸில் முதலில் பார்த்த அதே ஃபங்ஷனுக்குத் தேதி வரம்பு கொடுத்தால் பலகைக்குப் பதில் நோட்டே கிடைக்கும். தினமும் ஒரு வரி தானாகச் சேரும்:

```
=GOOGLEFINANCE("CURRENCY:SGDINR", "price", DATE(2024,12,1), TODAY(), "DAILY")
```

இது நேரடியாக ஒரு சிங்கப்பூர் டாலருக்கு எத்தனை ரூபாய் என்று தருவதால் வகுக்க வேண்டாம், பெருக்கினால் போதும். ஆனால் நாணயங்களுக்கு இது தரும் தேதியோடு 23:58:00 என்று நேரமும் ஒட்டிக்கொண்டு வரும். நாம் தேடுவது நள்ளிரவு 00:00 என்று பதிவான தேதியை. அன்றைய வரி நாம் தேடுவதைவிடக் கிட்டத்தட்ட ஒரு நாள் பெரிய எண்ணாக இருப்பதால், பின்னோக்கிப் போகும் தேடல் அதை விட்டுவிட்டு முந்தைய நாளை எடுத்துவிடும். எல்லாச் செலவும் ஒரு நாள் பழைய ரேட்டில் மாறும். தேடும் தேதியை A2 என்று கொடுக்காமல் A2+1 என்று கொடுத்தால் அன்றைய 23:58 வரியே பிடிபடும். E நெடுவரிசையிலும் நேரம் ஒட்டியே வரும் என்பதால், தேதி மட்டும் வேண்டும் என்றால் அதை `INT`-க்குள் வைக்கலாம். ஆனால் ரேட்டைத் தேடும் F-க்கு நேரத்தோடு உள்ள மதிப்பே தேவை.

## எந்த ரேட் செல்லும்?

குறிப்பு விகிதத்தில் மாற்றிய தொகையும், கார்டு ஸ்டேட்மென்டில் வங்கி பிடித்த தொகையும் ஒன்றாக இருக்காது. கார்டு நிறுவனம் தன் ரேட்டைப் பயன்படுத்துகிறது, வங்கி அதன்மேல் கட்டணம் சேர்க்கிறது, பிடித்தம் நடந்த தேதியும் ஓரிரு நாள் தள்ளியிருக்கலாம். ரூபாயில் பிடித்த தொகை கையில் இருக்கும்போது அதையே எழுதுவதுதான் சரி. ரொக்கமாகச் செய்த செலவுக்கும், ஸ்டேட்மென்ட் வராத செலவுக்கும்தான் இந்த அட்டவணை. இந்திய வருமான வரிக் கணக்கென்றால் வருமான வரி விதிகள் பாரத ஸ்டேட் வங்கியின் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் வாங்கும் விகிதத்தைச் சொல்கின்றன. அங்கே ஐரோப்பிய மத்திய வங்கியின் எண் செல்லாது. ஷீட் அமைக்கும் முன்பே கணக்குப் பிரிவில் எந்த ரேட் என்று கேட்டுவிடுங்கள்.

இலங்கை ரூபாயும் அமீரக திர்ஹமும் ஐரோப்பிய மத்திய வங்கியின் பட்டியலில் இல்லை. திர்ஹமுக்கு வழி உண்டு. ஒரு அமெரிக்க டாலர் 3.6725 திர்ஹம் என்று நிலைநிறுத்தப்பட்டிருப்பதால், கோப்பிலிருந்து USD என்ற டாலர் நெடுவரிசையையும் கொண்டுவந்து, அதை அந்த எண்ணால் பெருக்கி AED என்று ஒரு நெடுவரிசை உருவாக்கலாம். இலங்கை ரூபாய்க்கு இலங்கை மத்திய வங்கி வெளியிடும் தினசரி டாலர் விகிதத்தை எடுத்து, அதே தேதியின் டாலர் நெடுவரிசையால் பெருக்கி யூரோவுக்கான எண்ணாக்கிச் சேர்க்க வேண்டும். புதிய நெடுவரிசை சேர்க்கும்போது F, G ஃபார்முலாக்களில் உள்ள `$E` என்ற எல்லையையும் நீட்ட மறக்காதீர்கள்.

கடைசியாக, பகலில் பதிவு செய்யும் செலவு ஒருமுறை மாறும். மதியம் இரண்டு மணிக்கு எழுதினால் நேற்றைய ரேட்டில் நிற்கும். இரவு அன்றைய வரி சேர்ந்த பிறகு இன்றைய ரேட்டுக்கு வரும். அதற்குப் பிறகு மாறாது. அதனால் அன்றைய செலவை உடனே யாருக்கும் அனுப்பாமல் மறுநாள் அனுப்புங்கள். அனுப்பும் நகலில் E முதல் H வரை தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, அதே இடத்தில் மதிப்புகளாக மட்டும் ஒட்டிவிடுங்கள். கூகுள் ஷீட்ஸில் அதற்கு Ctrl+Shift+V.